மூன்று வாரத்துக்கு ஒரு முறை

மலாக்காவின் ஆயர் குரோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை. அதன் அலுவலகத்தில் மாதாமாதம் ஷிப்ட் பட்டியலைத் தட்டச்சு செய்தவள் கமலவேணி. டுரியான் துங்கால் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய குடும்பத்தின் கடைசிப் பெண். 1996இல் வயது முப்பத்தொன்று. அண்ணன் வீட்டில் இருந்தாள்.

மலாக்கா டவுனில் லோரி உதிரிச் சாமான் கடையில் வேலை பார்த்த பரமேஸ்வரனை ஒரு கல்யாணத்தில் சந்தித்தாள். அதன் பிறகு அவன் அலுவலகத்துக்கு ஃபோன் செய்வான். எப்போதும் மாலை நாலரைக்கு மேல்தான்.

"கமலா, இன்னிக்கு சாப்பிடப் போலாமா?"

நாளைக்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் உடனே சரி என்பாள். அவன் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று, அலுவலகப் பெண்கள் எங்கே அழைத்தாலும் போகாமல் இருந்தாள். சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்ததும் பேஜரை மேசைமேல் எடுத்து வைப்பான். அது சத்தமிட்டால் பொது ஃபோனுக்குப் போய்விட்டு வந்து, "கெளம்பலாமா?" என்பான். அண்ணனுக்கு எத்தனை பிள்ளைகள் என்று மூன்று தடவை கேட்டிருக்கிறான்.

ஒருநாள் மூன்று மணிக்குக் காலை ஷிப்ட் விட்டபோது, வாசலில் அவன் கார் நின்றது. கமலவேணி ஆசையோடு கீழே இறங்கினாள். அதற்குள் அசெம்பிளி லைனில் வேலை செய்யும் தாரணி முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.

கமலவேணி மேலே வந்து பழைய பட்டியல்களை எடுத்தாள். அவனோடு வெளியே போன நாட்கள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். தாரணிக்கு மூன்று முதல் பதினொன்று வரை மதிய ஷிப்ட் இருந்த வாரங்கள்தான் எல்லாமே. மூன்று வாரச் சுழற்சியில் மற்ற இரண்டு வாரங்களில் அவன் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

அப்படியும் மனசு கேட்கவில்லை. அடுத்த முறை சாப்பிடும்போது, தாரணிக்குக் காலை ஷிப்ட் உள்ள ஒரு சனிக்கிழமையைச் சொல்லி, "அண்ணன் மகளுக்குப் பொறந்தநாளு. ஏழு மணிக்கு வாங்களேன்," என்றாள்.

"பாப்போம்லா. கிட்ட வரட்டும், சொல்றேன்."

சொல்லவில்லை, வரவுமில்லை. கேக் வெட்டி முடிந்த பிறகும் அவள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாரணிக்கு மதிய ஷிப்ட் வாரம் வந்தது. புதன்கிழமை, நாலே முக்காலுக்கு ஃபோன். பிறந்தநாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஃப்ரீயா கமலா?"

"தாரணி வேலையில இருக்கா, அதான கூப்பிடுறீங்க?"

"இப்ப வர்றியா, இல்லியா?"

"வரல."

"சரிலா," என்று வைத்துவிட்டான்.

ஏன் என்று கேட்பான், ஒரு சண்டையாவது போடுவான் என்று எதிர்பார்த்தாள். மூன்று வாரம் கழிந்தது. ஆறு வாரமும் கழிந்தது. ஃபோன் வரவே இல்லை. அலுவலகக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுவருஷம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் அவனைப் பார்த்தாள். பக்கத்தில் புதுத்தாலியோடு தாரணி.

"என்ன கமலா, ஆளையே காணோம்?" என்று சிரித்தான் பரமேஸ்வரன். அவள் வாய் திறப்பதற்குள், வேறு யாரோ கூப்பிட, அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.