அவசரம் என்ற முத்திரை

அந்த முத்திரையைச் செய்யச் சொன்னது நான்தான்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அப்போது எனக்கு ஆறாவது வருடம். ரத்தம் எடுப்பது, இயந்திரத்தில் வைப்பது, ரிப்போர்ட் அடிப்பது எல்லாம் நானும் இன்னொரு பெண்ணும்தான். சுற்றுவட்டாரக் கிளினிக்குகளிலிருந்து காலையில் ரத்தக் குழாய்கள் வந்து குவியும். கூடவே வரும் சீட்டில் டாக்டர்கள் 'அவசரம்' என்று எழுதியிருப்பார்கள். எழுதாத சீட்டுகளுக்கு அன்றே பதில் போகும் என்று எந்த உறுதியும் கிடையாது. சாயங்காலமும் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். அதைக் கண்டுகொண்ட டாக்டர்கள் எல்லாவற்றுக்கும் 'அவசரம்' எழுத ஆரம்பித்தார்கள். யார் போன் செய்து கேட்டாலும் நாங்களும் அந்தச் சீட்டில் எழுதி வைப்போம். எழுதி எழுதிக் கை வலித்ததால், சிவப்பு மையில் குத்த ஒரு ரப்பர் முத்திரை வாங்கித் தரும்படி முதலாளி பாயிடம் கேட்டேன். பாய் மறுநாளே கொண்டு வந்து கொடுத்தார்.

அதன் பிறகு எல்லாம் சிவப்பாகிவிட்டது. உண்மையிலேயே அவசரப்பட்டவர்கள் 'மிக அவசரம்' என்று எழுதினார்கள். அதுவும் பெருகியதும் அடிக்கோடு போட்டார்கள், பிறகு நட்சத்திரம். பாயின் மைத்துனருடைய கொழுப்புப் பரிசோதனைச் சீட்டில் மூன்று நட்சத்திரம் இருந்தது. நாங்கள் எதையும் பார்க்காமல் வந்த வரிசையிலேயே எடுத்து வைத்தோம். வேறு என்ன செய்வது?

ஒரு திங்கட்கிழமை, பத்து மணிக்கு ஒருவர் வந்தார். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சின்ன கிளினிக்கிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்திருந்தார். பாலிதீன் பையில் ஒரு ரத்தக் குழாயும் ஒரு சீட்டும். வழக்கமாகக் கொண்டுவரும் ஆள் அன்று வரவில்லை என்பதால் டாக்டர் அவரையே அனுப்பியிருந்தார். கல்வராயன் மலையில் கூலி வேலை செய்கிறவர். கிளினிக்கில் படுத்திருந்த மனைவிக்கு நாற்பது வயது இருக்கும். மூன்று நாளாக வாந்தி, கை கால் தூக்க முடியவில்லை, சிறுநீரும் குறைந்துவிட்டதாம். உப்புச் சத்துகளும் சிறுநீரகமும் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

சீட்டில் முத்திரையைக் குத்தித் தட்டில் போட்டேன். அதில் ஏற்கெனவே முப்பது சீட்டுக்கு மேல் இருந்தது. தைராய்டு, கல்யாணத்துக்குப் போகும் முன் சர்க்கரை பார்க்க வேண்டுமென்ற ஒருவர், எல்லாமே அவசரம்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். கையைத் தொடைமேல் வைத்தபடி நகராமல் இருந்தார். பதினொன்றரைக்கு ஒரு தடவை எழுந்து ஜன்னலுக்கு வந்தார்.

"இன்னும் நேரம் ஆவுங்களா?"

"அவசரம் போட்டாச்சுங்க. வந்துரும்" என்றேன்.

"அப்ப சரிங்க" என்று சொல்லி மறுபடியும் போய் உட்கார்ந்தார். அவர் அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. முத்திரை குத்தியதை அவர் பார்த்திருந்தார். அது போதும் என்று நினைத்திருக்க வேண்டும்.

ஒன்றேகாலுக்கு அவர் கொண்டுவந்த குழாயின் முடிவு இயந்திரத்திலிருந்து வந்தது. பொட்டாசியம் ஏழு புள்ளி நான்கு. அவ்வளவு ஏறினால் எந்த நேரமும் இதயம் நின்று போகலாம். ரத்தத்தைச் சுழற்றித் தெளிநீரைப் பிரிக்காமல் குழாய் அவ்வளவு நேரம் கிடந்தாலும் பொட்டாசியம் ஏறிக் காட்டும், அதனால் எவ்வளவு நிஜம் என்று சொல்ல முடியவில்லை. போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டேன். எண்ணைச் சொன்னேன். 

"போயிட்டாங்கம்மா. அரைமணி நேரம் ஆவுது. ரிப்போர்ட் பாத்துட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம்னு வெச்சிருந்தேன்" என்றார். "வூட்டுக்காரரை உடனே வரச் சொல்லுங்க. வேற எதுவும் சொல்லாதீங்க. பஸ்ல தனியா வரணும்ல."

பெஞ்சுக்குப் போய் ரிப்போர்ட்டைக் கொடுத்து, டாக்டர் உடனே வரச் சொன்னார் என்றேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"கம்மியாத்தான இருக்குது?" என்று கேட்டார்.

"டாக்டர் சொல்வாருங்க" என்றேன். அவர் பஸ் நிலையத்துக்கு ஓடிப் போனார்.

அன்று மாலை அந்தத் தட்டில் கிடந்த சீட்டுகளை எல்லாம் எடுத்து மேஜையில் பரப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் தெரிந்தால் வைத்தியம் மாறும் என்றிருந்தவை நான்குதான். மற்றவை எல்லாம் மறுநாள் தந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பாய் வந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னா பண்றீங்க?"

"பாய், நாம எல்லாத்துக்கும் அவசரம்னு போட்டோம். அதனால எதுவுமே அவசரம் இல்லாமப் போச்சு."

அவர் முத்திரையை எடுத்துப் பார்த்துவிட்டு டிராயரில் போட்டுப் பூட்டினார்.

அப்புறம் மூன்று தட்டு வைத்தோம். சிவப்புத் தட்டுக்கு ஒரு மணி நேரம். அதில் போட வேண்டுமென்றால் டாக்டரே போன் செய்து, பதில் தெரிந்ததும் அந்த நேரத்துக்குள் என்ன செய்யப்போகிறார் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். மஞ்சளுக்கு மாலை நாலு மணி. வெள்ளைக்கு மறுநாள் காலை ஒன்பது. வெள்ளைத் தட்டின் நேரத்தைத்தான் நான் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினேன். சாதாரணச் சீட்டுக்குச் சொன்ன நேரத்தில் பதில் வந்தால்தான் யாரும் அதை அவசரமாக்க மாட்டார்கள் என்று அதற்குள் புரிந்திருந்தது. சனிக்கிழமைதோறும் சிவப்புச் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்து, எதற்காக வந்தது, பதில் போன பிறகு என்ன நடந்தது என்று டாக்டர்களைக் கேட்டோம்.

முதல் வாரம் சண்டைதான். ஒரு டாக்டர் எங்களுக்கு ரத்தம் அனுப்புவதையே நிறுத்திவிட்டார். மைத்துனரின் சீட்டு வெள்ளைத் தட்டுக்குப் போனதில் பாயின் வீட்டிலும் பேச்சு வந்தது. "வியாபாரம் ஜாஸ்தியா அடிபடுதே" என்றார் ஒருநாள். ஆனால் தட்டுகளை எடுக்கச் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் சிவப்பில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்றுதான் வந்தது. சில நாள் ஒன்றும் இல்லை. ஒன்று வந்தால் கூடமே நிமிர்ந்து பார்க்கும், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு அதை எடுப்போம்.

மலையடிவார டாக்டர் ஒருமுறை நேரில் வந்தார். தன் சீட்டுகளிலும் எல்லாவற்றுக்கும் அவசரம் எழுதிப் பழகியிருந்ததாகவும், அன்று மட்டும் போன் செய்து சொல்லியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். யார் தவறு எவ்வளவு என்று நாங்கள் பங்கு பிரிக்கவில்லை.

"அந்தம்மாவோட வீட்டுக்காரரு எப்படி இருக்காருங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு பிள்ளைங்களையும் கூட்டிக்கினு கரும்பு வெட்டப் போயிட்டாரு. எந்த ஊர்னு தெரியல."

கரும்பு வெட்டப் போவதற்கு முன் அவர் டாக்டரிடம், டவுனில் சீக்கிரம் பார்த்துக் கொடுத்தார்கள் என்றும், தான்தான் பஸ்ஸைத் தவறவிட்டு லேட்டாக்கிவிட்டதாகவும் சொல்லியிருக்கிறார். டாக்டர் அதைத் திருத்தவில்லை. அந்த மனிதரின் சொந்த ஊர் எதுவென்று மட்டும் என்னிடம் சொன்னார். வெள்ளிமலை போகும் வழியில் இருக்கிறது. நான் இன்னும் போகவில்லை.