கருப்பு வரி வெட்டிய கடிதம்

இது சத்தியமாக நடந்த கதை. நான் சேர்த்தது ஒரு சிட்டிகை உப்புதான். சரி, ரெண்டு மூட்டை.

சாந்தோமில் இக்னேஷியஸுக்கு ஒரு சின்ன அச்சாபீஸ். காலால் மிதித்து அச்சடிக்கும் மிதி மெஷின் ஒன்று. அது ஓடும் அதிர்வில் லங்காவில் தேங்காய் விழும் என்பார்கள். மாம்பலத்துத் துணிக்கடை முதலாளி சுப்புராயன் வருஷத்து பில் புத்தகத்துக்கு விலை கேட்டிருந்தார். ஆளை விட்டு, வேறு அச்சாபீசுக்கு வேலையைக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியனுப்பினார். யுத்தம் வந்ததிலிருந்து பெரிய வாடிக்கை என்று மிஞ்சியது அது ஒன்றுதான். அந்த உறவும் அறுந்தால் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்.

இக்னேஷியஸின் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். அதனால் சுப்புராயனுக்குப் பதில் கடிதத்தையும் அச்செழுத்துக் கோத்துப் பதினோரு வரி அடித்தான். அதில் ஏழு வரி, வேலையைத் தட்டிப்போன அந்த அச்சாபீஸின் மை கையில் ஒட்டும் என்பது பற்றி.

மனைவி ஐரின் எடுத்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, சாவுக் கார்டு?"

காகிதத்துக்குக் கட்டுப்பாடு. கைவசம் இருந்தது மாதா கோயில் மரண அறிவிப்புக்கான கருப்புக்கரை அட்டை மட்டும். நாள்தோறும் பார்த்து அவன் கண்ணுக்கு அந்தக் கரை தெரிவதே நின்றுபோயிருந்தது.

"கரைய வெட்டிட்டு அடிக்கிறேன்."

"வெட்டினா நாலு வரிதான் கொள்ளும். எத விடுவ?"

கோத்த எழுத்தை முறைத்துவிட்டு, மை பற்றிய ஏழு வரியையும் பிடுங்கினான். மிஞ்சியது இது:

'எங்களிடமும் விலை கேட்டதற்கு நன்றி.
தாங்கள் வேறிடம் கொடுத்த வேலை நல்லபடி முடியட்டும்.
வேறு வேலை வந்தால் சொல்லியனுப்புங்கள்.
இக்னேஷியஸ், சாந்தோம்.'

மறுநாள் சுப்புராயன் கடை வாசலில்தான் பார்த்தான். கடிதத்தின் ஒரு மூலையில் கருப்பு, மயிர் கனத்துக்கு. கடைக்குள் கல்யாண ஜவுளிக் கூட்டம். கட்டைவிரலால் மூலையை மூடிக்கொண்டு நீட்டினான். சுப்புராயன் இழுத்தார். விரல் விடவில்லை.

"வுடு நைனா. குடுக்க வந்தியா, புடிச்சிக்கினு நிக்க வந்தியா?"

விட்டான். அவர் படித்தார். மூலைக்கு வந்ததும் முகம் இறுகியது.

"இன்னா கருப்பு இது?"

இக்னேஷியஸின் வேர்வையில் மாம்பலமே மிதந்தது.

"சாவுக் கார்டுங்க. வேற பேப்பர் கெடைக்கல. வெட்டினதுல கொஞ்சம் மிஞ்சிப்போச்சு."

சுப்புராயன் துணி வெட்டும் கத்தரியை எடுத்தார். இக்னேஷியஸ் ஒரு அடி பின்னால் போனான். அவர் அந்த மூலையை மட்டும் நறுக்கிக் கீழே போட்டுவிட்டு, கடிதத்தை மேஜை டிராயரில் வைத்தார்.

"பில் புத்தகம் அவனுக்குத்தான். வாக்குக் குடுத்துட்டேன். ஆனா கைவிட்டுப் போன வேல நல்லா முடியட்டும்னு எவனும் எழுதினதில்ல. பொங்கல் நோட்டீசுக்கு வந்து விலை சொல்லு."

இங்கே நான் நிறுத்தினதும், டீக்கடை பெஞ்சில் குப்பனோடு கதை கேட்டுக்கொண்டிருந்த அக்பர் பாஷா டீ கிளாஸை வைத்தான்.

"நல்ல மனசுய்யா அந்த இக்னேஷியஸுக்கு."

"மனசா?" என்றான் குப்பன். "அட்ட பெரிசா இருந்திருந்தா அந்த ஏழு வரியும் கடுதாசில போயிருக்கும். வரிய வெட்டினது அட்ட, மனசில்ல."

"பிடுங்கினது அவன் கை" என்றான் பாஷா.

"பொண்டாட்டி சொல்லலன்னா?"

"உன் பொண்டாட்டி சொல்லி நீ எத வுட்டிருக்க?"

குப்பன் பெஞ்சிலிருந்து எழுந்தான். பெஞ்சு சாய்ந்து, மறு கோடியிலிருந்த பாஷா தரையில் உட்கார்ந்தான்.