களத்து மூலையும் ஒன்பதாம் நம்பரும்

செம்பாக்கத்து அரிகிருஷ்ணனிடம் பத்திரம் என்று யாராவது பேச்செடுத்தால் போதும், மூக்கு நுனியில் கோபம் வந்து உட்கார்ந்துவிடும். அவருடைய நிலம் அவருக்குத் தெரியாதா? களத்து மூலை, வேப்பமரத்துக் கழனி, கிணத்தடித் துண்டு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கண்ணைக் கட்டிவிட்டாலும் வரப்பு தவறாமல் நடந்து காட்டுவார். கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் காகிதத்தோடு அவருக்குச் சங்காத்தம் கிடையாது.

எழுபதுகள் பிறந்தபோது தாம்பரத்திலிருந்து கிழக்கே ஒவ்வொரு கழனியாக மனையாகிக்கொண்டு வந்தது. அரிகிருஷ்ணனின் கழனியிலும் உழவு நின்றது. பல்லாவரத்தில் தோல் மண்டி வைத்திருந்த மருமகன் சம்பந்தம் விவரம் தெரிந்த பிள்ளை. சர்வேயரைக் கூட்டிவந்து அளந்து, கல் நட்டு, நீலக் காகிதத்தில் பிளான் போட்டு, மனைகளுக்கு நம்பரும் கொடுத்தான். ஒவ்வொரு விற்பனைக்கும் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் காய மாமனாருக்குப் பொறுமை இல்லை. ஆகவே விற்கும் அதிகாரத்தை மருமகன் பெயருக்குப் பவராக எழுதிக் கொடுத்துவிட்டார். பவர் கொடுத்தால் மருமகனும் விற்கலாம், தானும் விற்கலாம், ஒரே மனையை இரண்டு பேரும் விற்றுத் தொலைக்கவும் முடியும் என்பது அவர் தலையில் ஏறவில்லை.

சம்பந்தம் ஒன்றையும் மறைக்கவில்லை. விற்றதும் நேரே வந்து, பிளானை விரித்து, விரலை வைத்துச் சொல்வான். பணத்தையும் கையில் கொடுத்துவிடுவான்.

"ஒம்போதும் பதினாலும் போச்சு மாமா."

அரிகிருஷ்ணன் அந்தக் கோடுகளை உற்றுப் பார்ப்பார். எது கிணறு, எது வரப்பு, ஒரு மண்ணும் விளங்காது. பெண் கொடுத்த இடத்தில் போய் 'இதில் என் களத்து மூலை எங்கேப்பா இருக்கு' என்று கேட்க வெட்கமாக இருக்கும். "சரி, சரி" என்று பெரிய மனிதர் போலத் தலையாட்டிவிடுவார்.

இப்படி இருக்கும்போதுதான் ஹில்டா டீச்சர் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீட்டில் குப்பை கொட்டிச் சலித்தவர். களத்து மூலையை நேரில் பார்த்துவிட்டு, ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அரிகிருஷ்ணனைப் பிடித்தார்.

"இடம் ரொம்பப் பிடிச்சிருக்குங்க ஐயா. தாய்ப்பத்திரத்தையும் பட்டாவையும் ஒரு தடவை காட்டுங்க. வில்லங்கம் போட்டுப் பாத்துட்டு அட்வான்ஸ் குடுத்திடறேன்."

டீக்கடை பெஞ்சில் தெரிந்த முகங்கள் வேறு. அரிகிருஷ்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது.

"இன்னா டீச்சரம்மா, என்னைப் பார்த்தா திருடன் மாதிரி கீதா? அதோ, ஸ்டேஷனாண்ட இட்லி விக்கிறாளே தாயாரம்மா, வேப்பமரத்து எடத்துக்குப் பணம் குடுத்துக்கினு வரா. ஒரு காகிதம் கேட்டாளா? படிச்சவங்களுக்குத்தான் மனுஷன் மேல நம்பிக்கை இல்ல!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஹில்டா டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அவர் விடவில்லை. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் போய் சர்வே நம்பரைக் கேட்டுக்கொண்டு, அந்த நம்பரில் நடந்த எல்லாப் பதிவுகளுக்கும் சேர்த்தே ரிஜிஸ்தர் ஆபீஸில் வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டார்.

சான்று கைக்கு வந்ததும் அவர் டீக்கடைக்குப் போகவில்லை. நேரே அரிகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தார். அந்த மரியாதை அரிகிருஷ்ணனுக்குப் பின்னால்தான் புரிந்தது. புரிந்தபோது சவுக்கடியை விட அதிகமாக வலித்தது.

"ஐயா, நான் படிக்கிறேன், நீங்க கேளுங்க" என்றார் டீச்சர். "மனை நம்பர் ஒன்பது. எழுதிக் கொடுத்தவர் அரிகிருஷ்ணன், அவருக்காகப் பவர் ஏஜெண்ட் சம்பந்தம். கிழக்கே கிணறு, தெற்கே வண்டிப்பாதை, மேற்கே நெல் அடிக்கும் களம்."

களத்துக்குக் கிழக்கே, கிணற்றுக்கு மேற்கே. அவர் கண்ணெதிரே களத்து மூலை அப்படியே வந்து நின்றது. மருமகன் அதைப் போன வருடமே விற்றிருந்தான். பெஞ்சு நிறைய ஆள் பார்க்க, விற்ற நிலத்துக்காகத்தான் அவர் அவ்வளவு கத்தியிருக்கிறார்.

"நீங்க தெரிஞ்சு செய்யலைன்னு எனக்குத் தெரியுதுங்க" என்றார் டீச்சர். அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த பதிவையும் படித்தார். "மனை நம்பர் பதினாலு. வடக்கே வேப்பமரம்..."

அதற்கு மேல் அரிகிருஷ்ணன் காதில் எதுவும் விழவில்லை. தாயாரம்மாளின் இடம். டீக்கடைப் பேச்சு நினைவில்லாத டீச்சருக்கு அந்த வரியில் ஒன்றுமில்லை. சான்றை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரம்தான் வரும். வாய்ப்பேச்சில் நடந்த தாயாரம்மாளின் வியாபாரம் அதில் எப்படி வரும்?

பல்லாவரத்துக்கு ஓடினார். சம்பந்தம் பாவம், அவனே பதறிப்போனான். "மாமா, பிளானை விரிச்சுக் காட்டினேனே! நீங்களும் சரி சரின்னீங்களே! நீங்க தனியா வேற வித்துக்கினு இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே!" அவனைத் திட்டத்தான் அவர் ஓடிவந்தார். ஆனால் தலையாட்டியது அவர் தலைதானே.

தாயாரம்மாளிடம் பாதியைத்தான் சொன்னார். "அந்த எடம் வோணாம், தாயாரம்மா. எங்க வூட்டு மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி கீதே, அத எடுத்துக்க. அது இன்னும் நல்ல எடம். வா, ரிஜிஸ்தர் ஆபீஸ்ல வில்லங்கம் பாத்துக்க." மீதியைப் போகிற வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அவள் என்னடாவென்றால், அண்ணன் தன் வீட்டை ஒட்டியே இடம் தருகிறாரே என்று பூரித்துப்போனாள். வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தாள். அவர் வாய் திறக்கவில்லை. ரிஜிஸ்தர் ஆபீஸே வந்துவிட்டது.

வாசலில் மர நிழலில் மனு எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார். "வாங்கறது யாரு?"

"இந்தம்மா."

"விக்கிறவரு?"

"நாந்தான்."

எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். "விக்கிறவரே கூட்டிக்கினு வந்து வில்லங்கம் பாக்கச் சொல்றீங்களா? உலகத்துல நடக்காததா கீதே!"

"எங்க அண்ணன் தங்கம் சார்" என்றாள் தாயாரம்மாள், சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "நான் ஒரு காகிதம் கேட்டதில்ல. அவருதான் பாத்துக்கன்னு இஸ்துக்கினு வந்துட்டாரு."

அரிகிருஷ்ணனுக்கு நின்ற இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போல் இருந்தது. இப்போதும் தலையாட்டிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆட்டி ஆட்டித்தானே இவ்வளவும் வந்தது.

"தாயாரம்மா," என்றார். "உனக்குக் காட்டின வேப்பமரத்து எடம் அப்பவே வித்துப்போன எடம். அது தெரியாமத்தான் உங்கிட்ட கை நீட்டிப் பணம் வாங்கினேன். நம்பரு புரியலன்னு மருமவனக் கேக்க வெக்கப்பட்டேன். ஒனக்குக் குடுக்க அங்க ஒண்ணுமே இல்ல."

தாயாரம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"டீச்சரம்மா கேட்டாங்களாமே. நானும் கேட்டுருக்கணுமாண்ணா?"

"கேட்டுருக்கணும்."

மனு எழுதுகிறவர் இருமிவிட்டு, சர்வே நம்பரை எழுதிக்கொண்டார். "எத்தினி வருஷத்துக்கு வில்லங்கம் பாக்கணும்?" என்று அரிகிருஷ்ணனைக் கேட்டார்.

அவர் பதில் சொல்வதற்குள் தாயாரம்மாள் முன்னால் வந்து, எழுதுகிறவருக்கு எதிரே குந்தினாள். அரிகிருஷ்ணன் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"எவ்ளோ வருஷம் போட முடியுமோ அவ்ளோவும் போடு சார். எழுதிட்டு எனக்கு ஒருவாட்டி படிச்சுக் காட்டு."