வெட்டாமல் வைத்த அத்திப்பழம்

அந்த உணவுக் கம்பெனியில் அவளை எல்லோரும் மீட்டரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷமாகப் பரிசோதனை அறையில் இருக்கிறாள். "கருவாடு ஈரமாத்தானேக்கா இருக்கு, ஏன் கெடல?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வாய் ஓயாது.

"ஈரம் இருந்தா என்ன? உப்பு அதைப் பிடிச்சு வெச்சிருக்கு, கிருமிக்குக் கொடுக்காது. ஊறுகாய்க்கு உப்போட புளிப்பும் காவல். உலர்த்தின பழத்துல முக்காவாசித் தண்ணிக்கு மேல காய்ஞ்சு போயிடும், மிச்சத்தைச் சர்க்கரை பிடிச்சுக்கும். எவ்வளவு தண்ணி இருக்குங்கிறது பேச்சே இல்ல, எவ்வளவு சும்மா திரியுதுங்கிறதுதான் பேச்சு!"

அப்படிச் சும்மா திரியும் தண்ணீரின் அளவுக்குத்தான் நீர்ச்செயல்பாடு என்று பெயர்; அதை அளப்பதுதான் அவளுடைய மீட்டர். உலர்ந்த அத்திப்பழத்தில் அது 0.65-ஐத் தாண்டக் கூடாது என்பது கம்பெனி விதி. காய்ந்த பழத்தை மூடிய டப்பாவில் பத்து நாள் வைத்து, உள்ளே வெளியே ஈரம் சமமான பிறகு, நடுவில் வெட்டிச் சோதிக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். அக்கா வீட்டு விசேஷத்துக்கு ஒரு வாரம் லீவு போட்டிருந்தாள். போகுமுன் உலர்த்தியில் இருந்த அத்திப்பழச் சரக்கைச் சோதித்து முடித்துவிட அவசரம். உலர்த்தி அறையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரை எல்லோரும் அண்ணன் என்பார்கள்; அவரிடம் போய், "அண்ணே, கொஞ்சம் சூட்டைக் கூட்டுங்களேன்" என்று கெஞ்சினாள். அவரும் கூட்டினார். தோல் சட்டென்று காய்ந்து இறுகியது, நடுவில் ஈரம் மாட்டிக்கொண்டது. அவளோ பத்து நாள் காக்கவுமில்லை, பழத்தை வெட்டவுமில்லை. மீட்டர் தோலைப் பார்த்து 0.58 என்றது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

ஒரு மாதம் கழித்துப் பாக்கெட்டுகள் பூசணத்தோடு திரும்பி வந்தன. மேனேஜர் மீட்டர் சீட்டைப் பார்த்தார், சரியாக இருந்தது. உலர்த்தியின் சூட்டுக் கணக்கைப் பார்த்தார், சரியாக இல்லை. பாக்கிங் மேஜையில் அண்ணனின் மகள் வேலை பார்த்துக்கொண்டிருக்க, அத்தனை பேர் முன்னாலும் அண்ணனைப் பார்த்து, "நாளையிலிருந்து வராதே" என்றார். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. வாயில் பூட்டுப் போட்டதுபோல் நின்ற அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றும் அவளுக்குக் கூசும்.

நாலாம் நாள், அதே சரக்கில் எடுத்து வைத்திருந்த மாதிரிப் பழத்தை வெட்டி மீட்டரில் வைத்தாள். 0.76. அந்தச் சீட்டோடு மேனேஜர் முன்னால் போய், "சூட்டைக் கூட்டச் சொன்னது நான், வெட்டாம சோதிச்சதும் நான்" என்றாள். அவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். கடைசியில், "அவரை வரச் சொல்லு" என்றார்.

அண்ணனுக்கு உடனே போன் போட்டாள்.

"அண்ணே, எல்லாத்தையும் சொல்லிட்டேன். நாளைக்கு வந்துடுங்க."

"உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லண்ணே. என்னை மன்னிச்சிடுங்க."

அண்ணன் சொன்னார்: "வேலைக்கு வரேன்மா. ஆனா அன்னைக்கு நீ அங்கேயே வாயைத் திறந்திருந்தா, என் பொண்ணு தலையைக் குனிஞ்சிருக்க மாட்டா."