விழுந்த சுவர் யாருடையது?

அருள்செல்வி டீச்சரிடம் யாரும் வயதைச் சொல்லி ஏமாற்றிவிட முடியாது. கீழ்வேளூர் பக்கம் பூவத்தடி நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவர். தொண்ணூற்றொன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தெருத்தெருவாய் நடந்தபோது ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டார். "வயசு என்ன?" என்று கேட்டால் எல்லோரும் வாய்க்கு வந்ததை அள்ளிவிடுவார்கள். "மாமாங்கத்துக்குப் போனப்ப இடுப்புல யாரு இருந்தா?" என்று கேட்டால் உண்மை தானாக வந்து உட்கார்ந்துவிடும். தேதி மறந்தவர்களுக்கும் இடுப்பில் இருந்த பிள்ளை மறப்பதில்லை.

அதனால்தான் தொண்ணூற்றைந்தில் ஊர் அந்தோணியார் சிற்றாலயத்துக்கு நினைவு மலர் போட்டபோது, 'நம் ஆலயம் கடந்து வந்த பாதை' என்ற பக்கத்தைச் சரிபார்க்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. எழுதியவர் மலர்க் குழுத் தலைவர் ஆண்டனி. ரயில்வேயில் இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர், எதையும் தாமதமில்லாமல் எழுதித் தள்ளுவார். அவர் எழுதியிருந்தது இது: "சூசை மேஸ்திரி கட்டிய சுவர் பெரும்புயலில் இடிந்து விழுந்தது. அதே புயலில் ஊர் மக்கள் அனைவரும் ஆலயத்துக்குள் ஒதுங்கி உயிர் பிழைத்தனர்."

ஊருக்கே மனப்பாடமான இரண்டு கதைகள்தாம். ஆனால் முதல் கதையால் ஒரு குடும்பமே தலைகுனிந்து கிடந்தது. சூசையின் மகன் லூர்துராஜும் கொத்தனார்தான். நாற்பது வயது, சுத்தமான வேலைக்காரர், நாகப்பட்டினம் வரைக்கும் கூப்பிடுவார்கள். சொந்த ஊரில் மட்டும் பூச்சு வேலை தருவார்களே தவிர சுவர் எழுப்பக் கூப்பிட மாட்டார்கள். 'சாஞ்ச சுவரு வீடு' என்பதுதான் அந்தக் குடும்பத்துக்கு அடையாளம். இப்போது சிங்கப்பூரில் இருக்கும் ஊர்ப் பிள்ளைகள் காசு அனுப்பி மணிக்கூண்டு கட்டப்போகிறார்கள். லூர்துராஜின் மகன் கிளமென்டும் அதில் ஒருவன். மகன் காசு கொடுக்கும் கூண்டில் அப்பன் கை வைக்கக்கூடாது என்று, கூண்டு வேலையையும் பார்க்கும் மலர்க் குழு முடிவு செய்திருந்தது. இதென்ன நியாயம்?

லூர்துராஜ் டீச்சர் வீட்டு வாசலில் நின்று கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த வரிய அச்சுல போடாதீங்க டீச்சர். வாயால சொன்னா காத்தோட போயிடும். அச்சுல வந்தா எம்பேரன் வரைக்கும் படிப்பான்."

"உண்மையா இருந்தா எடுக்க முடியாது மேஸ்திரி. பொய்யா இருந்தா விடமாட்டேன்" என்றார் அருள்செல்வி. கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னார். அவர் குணம் அப்படி.

அன்று சாயந்தரம் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தபோது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சுவர் விழுந்த கட்டடத்துக்குள் ஊரே எப்படி ஒதுங்கும்? இத்தனை வருஷமாய் இரண்டு கதையையும் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தோமே, ஒருத்தருக்காவது உறைத்ததா!

பள்ளி நூலகத்தில் மாவட்ட வரலாறு ஒன்று தூசியோடு கிடந்தது. அதில் பார்த்தால் புயல் ஒன்றல்ல, இரண்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டில் ஒன்று, ஐம்பத்தைந்தில் ஒன்று. இரண்டும் கார்த்திகையில். அதனால் ஊர் இரண்டையும் ஒரே மூட்டையாய்க் கட்டிவிட்டது.

எந்தப் புயலில் எது நடந்தது? டீச்சர் ஒவ்வொரு சம்பவத்தையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, சமையலறைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டினார். வருஷம் எழுதவில்லை. எது முன்னால், எது பின்னால் என்று தெரியத்தெரிய சீட்டுகளை நகர்த்துவதுதான் வேலை. ரசம் கொதிக்கும்போது ஆவி பட்டு இரண்டு சீட்டு சுருண்டது, அவ்வளவுதான் சேதம்.

முதலில் நடவு வேலைக்காரி ரெத்தினத்தைப் பிடித்தார்.

"கோயில் சுவரு விழுந்தப்பவா? மூத்தவன் வயித்துல. விழுந்த சத்தத்துல எனக்கு வலி கண்டுருச்சோன்னு பயந்துட்டேன். சித்திரையிலதான் பொறந்தான்."

"கோயிலுக்குள்ள ஒதுங்குனப்ப?"

"அப்ப நடுவுளவன் கைப்பிள்ள. மூத்தவன் என் சேலையப் புடிச்சுக்கிட்டு நின்னான். அதுக்கப்புறம் மாசியில மாமாங்கத்துக்குப் போனோம்ல, மூத்தவன் நடந்தே வந்தான், நடுவுளவன் இடுப்புல. என்ன டீச்சர், எனக்கு ரேஷன் கார்டு மாத்தப் போறீங்களா?"

மாமாங்கம் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. கடைசியாக வந்தது தொண்ணூற்றிரண்டு. பின்னால் எண்ணினால் எண்பது, அறுபத்தெட்டு, ஐம்பத்தாறு. மாசி ஐம்பத்தாறில் மூத்தவன் நடக்கிறான், அவனுக்குத் தம்பியும் இருக்கிறான். ஐம்பத்தைந்து கார்த்திகையில் வயிற்றில் இருந்திருந்தால், அந்த மாமாங்கத்தின்போது பிறந்தேயிருக்க மாட்டான். ஆக, சுவர் விழுந்தது முதல் புயலில். ஒதுங்கியது இரண்டாவதில்.

சரி, விழுந்த சுவரைக் கட்டியது யார்? ஆலயத்துக்குப் பின்பக்கம் காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் தெரிந்தது. ஒவ்வொரு கல்லிலும் குட்டிப் பிறை முத்திரை. டீச்சர் நேரே சூளைக்கார அப்துல் வஹாபிடம் போனார்.

"எங்க வாப்பா போட்ட முத்திரைதாங்க" என்றார் வஹாப். "புயல்ல ஊரெல்லாம் மண்சுவரு கரைஞ்சு போச்சு. கல்லுக்குக் கிராக்கின்னுதான் சூளையே போட்டாரு. கட்டுறதுக்கு ஆளில்லன்னு சூசையப் பட்டுக்கோட்டையிலேர்ந்து கூட்டியாந்ததும் அவருதான். அதுக்கு முன்னாடி சூசைக்கு இந்த ஊரு எந்தத் திசைன்னே தெரியாது."

"எந்தப் புயலுங்க அது?"

"எத்தனை புயல் இருக்கு டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டார் வஹாப். போச்சுடா என்று நினைத்துக்கொண்டார் டீச்சர்.

விடை பங்குக் கோயிலின் திருமணப் பதிவேட்டில் இருந்தது. சூசையின் திருமணக் குறிப்பில் தேதி இருந்த ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. ஆனால் பதிவேடு வரிசையாக எழுதப்படுவது. அதற்கு மேலே இருந்த திருமணம் ஐம்பத்துநான்கு ஜனவரி, கீழே இருந்தது அதே வருஷம் மே. இரண்டுக்கும் நடுவில்தான் சூசை தாலி கட்டியிருக்க வேண்டும். மாப்பிள்ளை ஊர் என்ற இடத்தில் 'பட்டுக்கோட்டை, தற்போது பூவத்தடி' என்று இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டார். அவரை அழைத்துவந்த சூளை அதற்கும் முன்னால். அப்படியென்றால் சூளை போட வைத்த புயல் ஐம்பத்திரண்டு.

கொடியில் சீட்டுகள் ஒழுங்காய் நின்றன. பழைய சுவர் விழுந்தது. சூளை வந்தது. சூசை வந்தார். புதுச் சுவர் எழுந்தது. இரண்டாம் புயல் வந்தது, ஊர் அந்தச் சுவருக்குள் ஒதுங்கியது.

குழுக் கூட்டத்துக்கு டீச்சர் லூர்துராஜையும் அழைத்துப் போனார். ஆண்டனி விடவில்லை. "சுவரு கட்டுன வருஷம் என்னன்னு சொல்லுங்க. வருஷம் இல்லாம அச்சுக்கு எப்படிக் குடுக்கிறது?"

"வருஷம் தெரியாது சார். தெரியாததை எழுத மாட்டேன். ரெண்டு புயலுக்கும் நடுவுலன்னு போடுங்க. விழுந்த சுவரைக் கட்டினது யாருன்னும் தெரியாது. சூசை இல்லை. அவரு கட்டினதுக்குள்ளதான் நீங்க ஒதுங்கியிருக்கீங்க. அப்ப உங்களுக்கு என்ன வயசு?"

ஆண்டனி விரல்விட்டு எண்ணினார். "பன்னெண்டு" என்றார். பிறகு மெதுவாக, "சுவத்துல சாஞ்சு தூங்கினேன்" என்றார். பேனாவை எடுத்துத் தான் எழுதிய வரியைத் தானே அடித்தார். லூர்துராஜ் பக்கம் திரும்பி, "மேஸ்திரி, மணிக்கூண்டு அஸ்திவாரத்துக்கு என்னைக்கு வானம் தோண்டலாம்?" என்று கேட்டார்.

லூர்துராஜ் எழுந்து விறுவிறுவென்று கடைத்தெருவுக்கு நடந்தார். என்னவோ ஏதோ என்று டீச்சரும் பின்னாலேயே போனார். எஸ்டிடி பூத் வாசலில் நான்கு பேர் காத்திருந்தார்கள். லூர்துராஜ் உள்ளே நின்று சிங்கப்பூருக்குப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடிக் கதவை அவர் சாத்தவில்லை.

"கிளமென்டு, உங்க தாத்தா கட்டுன சுவரு விழலடா. நின்னுச்சு. ஊரே உள்ள இருந்துச்சு."

"கேக்குதுப்பா. தெளிவாக் கேக்குது" என்ற மகனின் குரல் வாசல்வரை வந்தது.

"கேக்கலையா?" என்று லூர்துராஜ் வாசலில் நின்ற நான்கு பேரையும் பார்த்தபடி இன்னும் சத்தமாகச் சொன்னார். "நின்னுச்சுடா."