அப்பா பேசி அனுப்பிய அனுமதி

பதினொன்றாம் வகுப்புக்கு விழுப்புரத்தில் விடுதியில் தங்கிப் படித்தேன். வீடு கரிக்கலாம்பாக்கம். பஸ் ஏறினால் எனக்கு வாந்தி வரும் என்பதால், மாதம் ஒருமுறை வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வில்லியனூரிலிருந்து ரயிலில் விடுதிக்குக் கூட்டிப்போவார். ஆறு மணிக்குள் விடுதிக்குள் இருக்க வேண்டும். தாமதமானால் பெற்றோர் எண்ணிலிருந்து வார்டனுக்கு வாட்ஸ்அப் போக வேண்டும். அனுமதி இல்லாமல் தாமதித்தால் அடுத்த மாதம் வீட்டுக்கு விடமாட்டார்கள்.

அன்று ரயில் வரவில்லை. அப்பா ஸ்டேஷன் மாஸ்டரிடம் விசாரித்து வந்து, போனை வாயருகே பிடித்து, பிளாட்பாரமே கேட்கும்படி வார்டனுக்குக் குரல்செய்தி பேசி அனுப்பினார்.

“மேடம், ரயிலு இன்னும் வில்லியனூருக்கே வர்ல. விழுப்புரத்துலேர்ந்து வர்ற வண்டிதான் பாண்டி போய்த் திரும்பணுமாம், அதே லேட்டு. அஞ்சரைக்கு இங்க வரும்ன்றாங்க. பாப்பாவ நானே இட்டாந்து ஏழரைக்குள்ள உட்டுர்றேன்.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வார்டன் இதை மெஸ்ஸில் போட்டுக் காட்டுவார், அறைத்தோழிகள் ‘இட்டாந்து, இட்டாந்து’ என்று ஒரு மாதம் என்னை ஓட்டுவார்கள் என்று நினைத்தேன். அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனதும் அந்தக் குரல்செய்தியை அழித்தேன். லீவ் லெட்டர் பாணியில், ரயில் தாமதம், அன்புகூர்ந்து மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினேன். பெருமையாகவும் இருந்தது.

விடுதி வாசலை அடைந்தபோது ஏழு பத்து. வார்டன் போனை அப்பாவிடம் நீட்டினார்.

“இந்த இங்கிலீஷ் மெசேஜ் யாருங்க போட்டது? எந்த ரயில், எங்க நிக்குது, எப்ப வரும், கூட யார் வர்றாங்க, ஒண்ணுமே இல்ல.”

அப்பா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான்தான் மேடம். தெரிஞ்ச பையன் அடிச்சிக் குடுத்தான்.”

“முதல்ல பேசி அனுப்பினீங்களே, அதை ஏன் அழிச்சீங்க? நான் கேட்டுட்டேன். எல்லாம் அதுல இருந்துச்சு, அதே போதும்.”

“கை பட்டுடுச்சி மேடம்.”

வார்டன் என்னை ஒருமுறை பார்த்தார். தாமதப் பதிவேட்டில் நேரம் எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி, ‘அனுமதி உண்டு’ என்று குறித்தார். எனக்கு நிமிரவே முடியவில்லை. ஆனால் அது மாட்டிக்கொண்ட வெட்கம்தான். அப்பாவுக்கு டாட்டா காட்டக்கூட மறந்து உள்ளே ஓடினேன்.

அடுத்த மாதமும் ரயில் தாமதம். அப்பா வழக்கம்போல் விசாரித்து வந்தார். போனில் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, போனை என்னிடம் நீட்டினார்.

“நீயே போட்டுடும்மா. எனக்குப் பேச வராது.”

ஊரே கேட்கப் பேசுகிற மனிதர், அதை மெதுவாகச் சொன்னார். இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அன்றைக்கோ, ஒருவழியாக அப்பாவுக்குப் புரிந்துவிட்டது என்று சந்தோஷமாகப் போனை வாங்கிக்கொண்டேன்.