மொட்டைக்குப் போட்ட ஒன்று

மயிலாப்பூரில் எங்கள் ஆலோசனை அலுவலகம். ஜன்னலைத் திறந்தால் தெற்கு மாட வீதி. அங்கிருந்துதான் ஊரிலுள்ள மலைகளுக்கெல்லாம் மண் அரிப்புக் கணக்குப் போடுவோம். மழையின் வேகம், மண்ணின் தன்மை, சரிவு, மண்ணை மூடியிருக்கும் பயிர், பாதுகாப்பு வேலை என்று ஐந்து எண்கள். பெருக்கினால், ஒரு ஹெக்டேரில் வருஷத்துக்கு எத்தனை டன் மண் போகிறதென்று வரும்.

கொல்லிமலையில் ஒரு அம்மாவின் நிலத்துக்கு எனக்கு வந்த விடை இருநூற்று நாற்பது. அரசின் மண் காப்புத் திட்டத்தில் வரம்பு நாற்பது டன். அதைத் தாண்டினால் பயிருக்குத் தடை, மரம்தான் நட வேண்டும். அறிக்கைக்கு அட்டை போட்டாயிற்று, முதலாளி கையெழுத்தும் போட்டுவிட்டார். எழுபது கொண்டை ஊசி வளைவுக்குப் பயந்து அடிவாரத்திலேயே காபி குடித்துக்கொண்டிருந்தவர் அவர். மேலே போன வீராங்கனை நான். அதுவும் ஒரே மதியம், சித்திரையில்.

அட்டையில் எழுத விட்டுப்போன சர்வே எண் கேட்டு அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். சும்மா இருந்திருக்கலாம். டன் கணக்கையும் பெருமையாகச் சொன்னேன்.

"ஏங்கண்ணு, நாப்பது வருசமா உழறேன். அவ்வளவு போயிருந்தா பாறையிலயா ராகி வெதைக்கிறேன்?"

மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். இரண்டரை அடி மண் போயிருக்க வேண்டும். கணக்குத் தாளைத் திரும்ப எடுத்தேன்.

"நீ வந்தன்னைக்கு உழுது போட்டிருந்தேன். பெருமழைக்கு வந்து பாரு, ராகியும் அவரையும் மூடிக்கிட்டு நிக்கும், ஊடால அறுத்த காஞ்ச தட்டையப் பரப்பியிருப்பேன். நான் பழனிக்கு மொட்டை போட்ட அன்னைக்கு போட்டோ புடிச்சா, ஆயுசுக்கும் மொட்டைன்னு எழுதுவியா?"

அதைத்தான் எழுதியிருந்தேன். பயிர் மண்ணை மூடும் அளவுக்கான மூட்ட எண்ணுக்கு ஒன்று. வருஷம் முழுக்க வெறும் மண் என்று அதற்கு அர்த்தம்.

முதலாளி ஒப்புவாரா? "ஏம்மா, பைண்டிங்கே பண்ணியாச்சே" என்றார். "சார், இந்த வேகத்துல போனா மலை எப்படி இன்னும் நிக்கறதுன்னு கேப்பாங்க. கையெழுத்து உங்களோடது" என்றேன். "ஐயோ, கேப்பாளோ?" என்று தன் கையெழுத்தையே பார்த்தார். ஆத்துக்குக் கிளம்பியவர் திரும்ப உட்கார்ந்தார்.

மாதவாரியாக மழையையும் பயிரையும் பொருத்தினேன். சித்திரைச் சாரலுக்கு மட்டும் வெறும் மண், பெருமழை மாதங்களுக்கு மூடிய மண். மூட்ட எண் ஒன்றிலிருந்து பூஜ்யம் புள்ளி ஒன்று ஐந்துக்கு இறங்கியது. மொத்தம் முப்பத்தாறு டன். தப்பித்தோம் என்று உடனே அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன்.

அவர் கேட்டது வேறு.

"முப்பத்தாறு டன்னா போவுது? அதைக் கொறைக்க என்ன பண்ணணும், கண்ணு?"

எங்கள் அறிக்கையில் பரிந்துரை என்று கடைசி அத்தியாயம் உண்டு. எப்போதும் போன அறிக்கையிலிருந்து ஒட்டுவதுதான் வழக்கம். திறந்து பார்த்தேன். ஊட்டித் தேயிலைக்கு எழுதியது. வெட்கமாக இருந்தது. முழுசும் அழித்துவிட்டு, "இருங்கம்மா, சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு எத்தனை இருக்கு?" என்று கேட்டேன்.